நோட்டை மூடிவிட்டு எழுதுங்கள்

எனக்குக் கோபம் வந்தால் வாயைவிடக் கைதான் மோசம். வாயால் திட்டினால் பிள்ளைகள் சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்தால் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருடம் அறிவியல் டீச்சராக இருந்தும் இது எனக்கு உறைக்கவில்லை. ஒரு பத்தாம் வகுப்புப் பெண் வந்து உறைக்க வைத்தாள்.

வில்லியனூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. பாடத்திட்டம் மாறிய பிறகு புத்தகம், கேள்வித்தாள், பதில் எல்லாம் இங்கிலீஷ். பிள்ளைகள் தமிழ். நானும் தமிழ்தான். அதனால் நாங்கள் எல்லா ஆசிரியர்களும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். வாயால் தமிழில் விளக்குவது, போர்டில் இங்கிலீஷில் எழுதுவது. பிள்ளைகள் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே ஏதோ ரஃப் நோட்டில் கிறுக்கிக்கொள்வார்கள். பிறகு போர்டில் உள்ளதை ஃபேர் நோட்டில் அழகாக எழுதுவார்கள். ஃபேர் நோட்டுக்கு பிரவுன் அட்டை, மார்ஜின், தலைப்புக்கு நீல மை. மாதம் ஒரு முறை நான் வாங்கித் திருத்திக் கையெழுத்துப் போடுவேன். ரஃப் நோட்டை யாரும் கேட்பதில்லை. கடைசி வேலை நாளன்று பாதிப் பேர் அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுவார்கள்.

பொதுத்தேர்வுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. முதல் தேர்வே என்னுடையது, அறிவியல். அந்தத் திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் போனால், பாதி வகுப்பின் கையில் ஒரே மாதிரி ஜெராக்ஸ் கட்டு. முதல் மார்க் வாங்கும் பெண்ணின் நோட்டு அட்டையிலிருந்து அட்டை வரை. மூலக்குளம் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அன்று தீபாவளி. ஒருவன் என்னிடமே வந்து, “மிஸ், இதுல பதினாலாம் பக்கம் சரியா வுழல, உங்க கிட்ட இருக்குதா?” என்று கேட்டான்.

“ஏண்டா, உன் நோட்டு இன்னா ஆச்சு?”

“அது இருக்குது மிஸ். இது இன்னும் நல்லா இருக்குமே.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. வருடம் முழுக்க எழுதிய சொந்த நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, இன்னொருத்தியின் கையெழுத்தைப் புதிதாகப் படிக்க உட்காருகிறார்களே! ஒரு வாரத்தில் அந்தக் கையெழுத்து பழகவே இரண்டு நாள் போய்விடும். மத்தியானம் சாப்பாட்டு வேளை முழுக்க உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். முழுக்கத் தமிழில். அதையும் அதே ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துச் சாயங்காலம் கையில் கொடுத்தேன். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

கடிதம் மோசமில்லை. இன்றும் அதில் பெரும்பகுதிக்கு நான் கையெழுத்துப் போடுவேன்.

“அன்புள்ள பிள்ளைகளே, இந்த ஒரு வாரத்தில் புதிதாக எதையும் வாங்காதீர்கள். கைடு வேண்டாம், அடுத்தவர் நோட்டும் வேண்டாம். உங்கள் நோட்டு போதும். ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருக்காதீர்கள். கண்ணுக்குப் பழகிய பக்கம், மனசில் ஏறிவிட்டது போலத் தெரியும். ஏறியிருக்காது. ஒரு பாடத்தை எடுங்கள். தலைப்புகளை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நோட்டை மூடிவிட்டு எழுதுங்கள், நினைவில் இருப்பதை எல்லாம். படம் என்றால் பார்க்காமல் வரைந்து பாகங்களைக் குறியுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், அந்தச் சிவப்பை மட்டும் மறுபடி மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். ஒரு பாடத்தை ஒரே நாளில் பத்துத் தரம் பார்ப்பதைவிட, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று தரம் எழுதிப் பார்ப்பது நிற்கும். நோட்டை அழகாகத் திரும்ப எழுதிக்கொண்டு பொழுதை ஓட்டாதீர்கள். தேர்வுக்கு முந்தின நாள் சிவப்புத் தாள்கள் மட்டும் போதும். அன்று ராத்திரி தூங்குங்கள்.”

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ஜெராக்ஸ் கட்டு கண்ணிலேயே நின்றது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:

“நோட்டை மூடியதும் ஒன்றுமே எழுத வரவில்லை என்றால், வருடம் முழுக்க நீங்கள் வகுப்பில் இல்லை என்று அர்த்தம்.”

எழுதிவிட்டு எனக்கே ஒரு சந்தோஷம். நறுக்கென்று இருக்கிறது, இதுகளுக்கு இப்படிச் சொன்னால்தான் ஏறும் என்று நினைத்தேன். புத்தி எங்கே போயிருந்ததோ!

செவ்வாய்க்கிழமை சிறப்பு வகுப்பில் சிலர் தாள் கொண்டுவந்து காட்டினார்கள். பாதி கறுப்பு, பாதி சிவப்பு. பரவாயில்லை, வேலை செய்கிறது என்று மனசுக்குள் குதித்துக்கொண்டேன். மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் காலி. புதன்கிழமையும் காலி. அபிஷேகப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். வருடம் முழுக்கப் பாடம் நடந்த நாட்களில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவள். மழையில் பஸ் வராத அன்றைக்குக்கூட யாரோ பால்காரர் வண்டியில் ஏறி வந்து நின்றாள். மார்க் மட்டும் வராது. இரண்டு ரிவிஷன் தேர்விலும் அறிவியலில் பெயில். அவள் ஃபேர் நோட்டைத்தான் மற்ற பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்டுவேன். அப்படி ஒரு கையெழுத்து. “இவ்வளவு அழகா எழுதுறவ பரீட்சையில மட்டும் ஏண்டி கோட்டை விடுற?” என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொள்வாள்.

அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அதற்குப் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் குரூப் கிடைக்க வேண்டும். அவள் அப்பா கரும்பு போடும் விவசாயி. நல்ல மனுஷன்தான், ஆனால் பெற்றோர் கூட்டத்தில் என்னிடமே கறாராகச் சொல்லியிருந்தார்: “பாஸ் பண்ணா எம்மாந் தூரம் வேணும்னாலும் படிக்கட்டும் டீச்சரம்மா. இல்லன்னா அவ அத்த தையல் கடை வெச்சிருக்குது, அங்க போய் உக்காரட்டும்.”

வியாழக்கிழமை அவள் பக்கத்து இடத்துப் பெண்ணைக் கேட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அவ பரீட்சைக்கு வர்லியாம் மிஸ்.”

“வர்லியா? ஒடம்பு சரியில்லியா?”

“இல்ல மிஸ். ஹால் டிக்கெட்ட அவுங்க அம்மா கிட்ட குடுத்துட்டாளாம். தையலுக்கே போறேன்னு சொல்லிட்டாளாம்.”

பள்ளி விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே போனேன். ஒரு வருடம் படித்துவிட்டு நாலு நாளைக்கு முன்னால் இப்படி ஒரு கிறுக்கு! கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதையும் சேர்த்துத் திட்டினேன்.

வாசலில் அவள் அம்மா வெங்காயம் காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“வாங்க டீச்சர். நானே வரலாம்னு இருந்தேன். நீங்க இன்னா எழுதிக் குடுத்தீங்களோ, அத படிச்சதுலேருந்து இவ இப்புடி இருக்கா.”

“நானா?”

“திங்கக்கெழம வந்து உக்காந்தா. செவ்வாக்கெழம முழுக்க எழுதறேன் எழுதறேன்னு ரூம்புக்குள்ளயே இருந்தா. அப்புறம் ஒரே அழுவ. எனக்குப் படிப்பு வராதுமா, டீச்சரே எழுதிட்டாங்கன்னு சொல்றா.”

உள்ளே போனேன். அவள் எழுந்து நின்றாள். மேஜைமேல் ஐந்து வெள்ளைத் தாள்கள். நான் சொன்னபடியே மேலே தலைப்புகள், அழகான அந்தக் கையெழுத்தில், இங்கிலீஷில். கீழே ஒன்றுமில்லை. ஒரு தாளில் மட்டும் ஏதோ ஆரம்பித்து இரண்டு வார்த்தையோடு நின்றிருந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனா, மூடியைக்கூடக் கழற்றவில்லை. அதற்குப் பக்கத்தில் என் கடிதம்.

அப்போதும் எனக்கு வந்தது கோபம்தான். கொண்டுபோன கோபம் அவ்வளவும் இருந்தது. “ஏண்டி, வருஷம் பூரா எழுதுனியே, எழுதும்போது இன்னா பண்ணிட்டு இருந்த?”

“நீங்க போர்டுல எழுதுனத எழுதுனேன் மிஸ்.”

அவள் எதிர்த்துப் பேசவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவள் ஃபேர் நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கமும் என் வாக்கியம். நான் போர்டில் தப்பாக வைத்த ஒரு முற்றுப்புள்ளிகூட அங்கே அப்படியே இருந்தது. ஒவ்வொரு பாட முடிவிலும் என் கையெழுத்து, பக்கத்தில் ‘மிக நன்று’. நூற்றுச் சொச்சம் பக்கத்தில் அவளுடையது என்று பார்த்தால் கையெழுத்து அழகு மட்டும்தான். இதைத்தான் நான் ‘உங்கள் நோட்டு’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறேன். எனக்குக் காது மடல் சுட்டது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். தாளை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தமிழில் கேட்டேன். “சரி, எழுதவே வேணாம். சொல்லு. கிட்னி இன்னா பண்ணுது?”

நான் தள்ளிய தாள்களை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, “வூடு காலி பண்ற மாதிரி மிஸ்,” என்றாள்.

“இன்னாது?”

“ரத்தம் உள்ள வந்ததும் மொதல்ல பெருசு சிறுசு பார்த்து, சிறுசா இருக்கறத எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டுடும். தண்ணி, சக்கர, உப்பு, அழுக்கு எல்லாம். பெரிய புரோட்டீனும் ரத்த செல்லும் உள்ளயே நின்னுடும். அப்புறம் வெளிய கெடக்கறதுல வேணுங்கறத மட்டும் திரும்ப உள்ள எடுத்துக்கும். சக்கரய பூரா எடுத்துக்கும். தண்ணிய தேவைக்கு எடுத்துக்கும். எடுக்காம மீந்தது தான் மூத்திரம்.”

அடிப்பாவி! வடிகட்டுவது, திரும்ப உறிஞ்சுவது, இரண்டையும் இவ்வளவு சுத்தமாக என் வகுப்பில் ஒருவரும் சொன்னதில்லை. முதல் மார்க் வாங்குபவள் புத்தக வரியைச் சொல்வாள். ‘சக்கரய பூரா எடுத்துக்கும்’ என்று சொல்லமாட்டாள்.

“இத எங்கேருந்துடி படிச்ச?”

“படிக்கல மிஸ். நீங்க தமிழ்ல சொல்லும்போது ரஃப்ல எழுதிக்கினேன்.”

“அந்த ரஃப் நோட்டு எங்க?”

அவள் அம்மா கதவோரம் ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் பையைக் காட்டினார். பழைய பேப்பர்காரருக்கென்று சேர்த்து வைத்தது. அடியில் இருந்தது நோட்டு. அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறையோடு. திறந்தால் பக்கம் பக்கமாகத் தமிழும் இங்கிலீஷும் கலந்து, அம்புக்குறிகள், கேள்விக்குறிகள். இதயத்தின் படம் ஒன்று, பக்கத்தில் ‘நுரையீரல் = சர்வீஸ் ஸ்டேஷன்’. ஒரு மூலையில் ‘மிஸ் இன்று கோபம், நாளை கேட்கலாம்’.

நாலைந்து பக்கம் தள்ளி ஒரு பக்கம் முழுக்கக் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே, ‘இதென்ன கிறுக்கல்? ஃபேர் நோட்டில் எழுதிக் காட்டு.’ என்னுடைய கையெழுத்து. கிட்னி பாடம் நடத்திய அன்று பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபோது போட்டது. கோட்டுக்கு அடியில் தெளிவாகவே படிக்க முடிந்தது: ‘வூடு காலி பண்ற மாதிரி.’

எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளிப்பானேன். வெங்காய வாசனை என்று சமாளித்தேன். அவள் அம்மா நம்பவில்லை, இருந்தும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்புறம் பொழுது சாயும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ரஃப் நோட்டைத் திறந்து ஒரு பாடம் பார்த்தாள், மூடினாள், வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதினாள். பேனா நிற்கவில்லை. ஒரு பக்கம் நிறைந்து பின்பக்கமும் போனது. முடித்த பிறகு ஃபேர் நோட்டைத் திறக்கச் சொன்னேன். இப்போதுதான் அதற்கு வேலை வந்தது. தமிழில் எழுதியதற்கு நேரே, தேர்வில் எழுத வேண்டிய இங்கிலீஷ் வார்த்தையை மட்டும் சிவப்பில் சேர்த்தாள். மறுபடி மூடிவிட்டு அந்தச் சிவப்பு வார்த்தைகளை வைத்துச் சின்னச் சின்ன வாக்கியம் எழுதினாள். கொஞ்சம் திக்கித் திணறியது, ஆனால் வந்தது.

ரஃப் நோட்டை அப்படியே நம்பவும் முடியாது. இதயப் பக்கத்தில் ‘எல்லா ஆர்ட்டரியிலும் நல்ல ரத்தம்’ என்று எழுதியிருந்தாள். பாடப் புத்தகத்தைத் திறந்து அவளையே கண்டுபிடிக்கச் சொன்னேன். இரண்டு தரம் படத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஐயோ மிஸ், நுரையீரலுக்குப் போறதும் ஆர்ட்டரி தான், ஆனா அதுல மட்டும் ஆக்சிஜன் இல்லாத ரத்தம்!” என்று கத்தினாள். இரண்டு நாளில் அவள் முதல் தரம் சத்தமாகப் பேசினாள் என்று அவள் அம்மா சொன்னார்.

கிளம்பும்போது அவள் அம்மா உள்ளே போய் ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நானும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ‘அந்த வரியைக் கோபத்தில் எழுதிவிட்டேன், அது தப்பு’ என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. டீச்சர் என்கிற கெத்து ஒன்று இருக்கிறதே, அது விடவில்லை. “திங்கக்கெழம சீக்கிரம் வந்து சேரு,” என்று மட்டும் சொல்லி வண்டியைக் கிளப்பினேன்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு இரண்டாவது கடிதம். நின்றுகொண்டே எழுதியது. “ஃபேர் நோட்டில் இருப்பது என் வாக்கியம். நீங்கள் புரிந்துகொண்டது ரஃப் நோட்டில் இருக்கிறது. பேப்பர் கடைக்குப் போடாதவர்கள் தேடி எடுங்கள். முதலில் அதிலிருந்து தமிழில் எழுதிப் பாருங்கள், பிறகு ஃபேர் நோட்டைத் திறந்து இங்கிலீஷ் வார்த்தைகளைச் சிவப்பில் சேருங்கள். ரஃப் நோட்டில் தப்பு இருக்கலாம், புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். ரஃப் நோட்டு போய்விட்டதா? பழைய டெஸ்ட் பேப்பர்களை எடுங்கள். எந்தக் கேள்வியில் மார்க் போயிற்று என்பது அதில் இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.” அன்று மத்தியானம் ஆறேழு பையன்கள் பழைய பேப்பர் கடை வாசலில் நின்று மூட்டையைக் கிளறியதாகக் கேள்வி. கடைக்காரர் என்னைக் கரித்துக் கொட்டியிருப்பார்.

அந்தக் கடிதத்தில் முதல் கடிதத்தின் கடைசி வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சத்தம் போடாமல் விட்டுவிட்டேன். அதுவாக மறந்துவிடும் என்று ஓர் அசட்டு நம்பிக்கை.

திங்கட்கிழமை அவள் தேர்வு எழுதினாள். தேர்வு அறையிலிருந்து வெளியே வந்து என்னிடம், “கிட்னி வந்துச்சு மிஸ்,” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ரிசல்ட் வந்தது. அவள் பாஸ். மார்க் ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் அறிவியல் குரூப் கிடைக்கிற மார்க். அப்பாவும் பெண்ணுமாகச் சான்றிதழ் வாங்க வந்தார்கள். அவர் ஒரு கட்டுக் கரும்பைத் தூக்கிவந்து ஆசிரியர் அறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, “தையல் மிஷினு அங்கயே கெடக்கட்டும் டீச்சரம்மா,” என்று சிரித்தார்.

அவள் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. என் முதல் கடிதம்.

“இன்னாடி இது?”

“திருத்தியிருக்கேன் மிஸ். நீங்க சொன்ன மாதிரி தான். தப்ப மட்டும் செவப்புல.”

பிரித்தேன். மேலே எல்லாம் சுத்தம், ஒரு கோடு இல்லை. கடைசி வரிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில், அந்த அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்:

“தவறு. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வருடம் முழுக்க வகுப்பில் இருந்தேன்.”

அவள் அப்பா எதுவும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த முறை அவள் தலையைக் குனியவில்லை. நான் மேஜையிலிருந்து என் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அவள் எழுதிய வரிக்குப் பக்கத்தில் பெரியதாக ஒரு டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். பிறகு அவரைப் பார்த்து, “நான் தப்பா எழுதிட்டேங்க, உங்க பொண்ணு சரி பண்ணியிருக்கா,” என்றேன்.